நெஞ்சில் கோர்த்த நீருக்கு மருந்து போதுமா, டியூப் வேண்டுமா? பிஎச் எண்ணை வைத்து முடிவெடுப்பது எப்படி

நிமோனியா வந்தவருக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோர்த்துக்கொண்டது என்று சொன்னதும், எங்கள் வார்டில் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "மருந்திலேயே வத்திடாதா டாக்டர்?" பேராக்கில் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சின்ன ஊர் இது. நெஞ்சில் குழாய் போடுவதென்றால் பலரும் அதை ஆபரேஷன் என்றே நினைக்கிறார்கள். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றால் இன்னும் பயம். அந்தக் கேள்வி நியாயமானதுதான். நிமோனியாவோடு சேரும் நீரில் பெரும்பங்கு ஆன்டிபயாட்டிக்கிலேயே வற்றிவிடும். வற்றாத மீதி எது என்பதை முதல் நாளிலேயே கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அதற்கு நம்மிடம் உள்ள நல்ல அடையாளம் அந்த நீரின் அமிலத்தன்மை, அதாவது பிஎச்.

பல நோயாளிகளிடம் கண்டதைச் சேர்த்து, ஒரே ஆளின் கதையாக இங்கே எழுதுகிறேன். அவருக்கு வயது 52. செம்பனைக் குலை வெட்டும் வேலை. பத்து வருடமாக இனிப்புநீர், மருந்தை விட்டுவிட்டு எடுப்பவர். ஒரு வாரக் காய்ச்சல், வலது விலாவில் மூச்சு இழுத்தால் குத்தும் வலி. கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை ஐந்து நாள் சாப்பிட்டும் காய்ச்சல் விடவில்லை. வார்டுக்கு வரும்போது 38.6 டிகிரி, நிமிடத்துக்கு 26 மூச்சு. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி முழுக்க வெள்ளை. அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தால் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர். அதில் தடுப்புச் சவ்வு எதுவும் தெரியவில்லை, லேசாகத் துகள்கள் மட்டும் மிதந்தன.

ஆழம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்திருந்தால் ஊசியே போட்டிருக்க மாட்டோம். மருந்து கொடுத்து, மறுபடி ஸ்கேன் செய்து பார்த்தால் போதும். ஐந்து சென்டிமீட்டர் என்றால் நீரை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

அன்றிரவு எடுத்த நீர் மஞ்சளாக, சற்றே கலங்கலாக இருந்தது. வாடை இல்லை, சீழ் இல்லை. ஊசியில் சீழே வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. அது எம்பைமா, எந்த எண்ணுக்கும் காத்திராமல் குழாய் போட வேண்டும். கெட்டியான சீழை பிஎச் பார்க்கும் இயந்திரத்துக்குள் விடவும் கூடாது, அடைத்துக்கொள்ளும். கிராம் பரிசோதனையிலோ வளர்ப்பிலோ கிருமி தெரிந்தாலும் பதில் குழாய்தான். குழப்பம் வருவது இவருடையதைப் போல, பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும் நீரில்தான்.

நம் முன்னே மூன்று வழிகள் இருந்தன. ஆன்டிபயாட்டிக்கை நரம்பு வழியாகக் கொடுத்துக் காத்திருப்பது முதலாவது. ஊசியால் ஒரே தடவையில் முடிந்தவரை நீரை இழுத்துவிட்டு, திரும்பக் கோர்க்கிறதா என்று பார்ப்பது அடுத்தது. மூன்றாவது, சிறிய குழாய் ஒன்றை உள்ளே வைத்து நாள்கணக்கில் வடியவிடுவது. நீர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியாமல் இவற்றை ஒப்பிடவே முடியாது.

நுரையீரலைச் சுற்றியுள்ள உறைக்குள் எல்லோருக்கும் கொஞ்சம் நீர் உண்டு. அதன் பிஎச் ஏறத்தாழ 7.6, இரத்தத்தின் 7.4-ஐ விடக் காரம் கூடியது. பக்கத்தில் நிமோனியா வந்தால் இரத்தக் குழாய்கள் கசிந்து நீர் கூடும். இது முதல் கட்டம். கிருமி இன்னும் உள்ளே நுழைந்திருக்காது, பிஎச் பெரிதாக இறங்காது. நிமோனியா ஆறினால் நீரும் தானாக வற்றும். கிருமி நீருக்குள் இறங்கிவிட்டால் கதை மாறுகிறது. அதைத் துரத்தி வெள்ளை அணுக்கள் கூட்டமாக வருகின்றன. அவையும் கிருமியும் சேர்ந்து குளுக்கோஸைத் தின்று லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியே தள்ளுகின்றன. உறை வீங்கித் தடித்துப்போவதால் இவை வெளியேற வழியில்லை. அமிலம் ஏறும், பிஎச் இறங்கும். அணுக்கள் செத்து உடைவதால் எல்டிஎச் என்ற நொதி நீரில் கொட்டும். அதே சமயத்தில் ஃபைப்ரின் இழைகள் படிந்து, நீர் இருந்த ஒரே இடம் தேன்கூடு மாதிரி தனித்தனி அறைகளாகப் பிரியத் தொடங்கும். இது இரண்டாம் கட்டம். மூன்றாவதில் அந்த இழைகள் தடித்த தோலாகி நுரையீரலைச் சுற்றி இறுக்கிவிடும். அப்புறம் அறுவை சிகிச்சை நிபுணர்தான் உரித்தெடுக்க வேண்டும்.

குறைந்த பிஎச் என்றால் முதல் கட்டம் தாண்டிவிட்டது என்று பொருள். அறைகள் கட்டும் முன்னே வடித்துவிட வேண்டும் என்பதால்தான் இந்த எண்ணுக்கு இவ்வளவு மதிப்பு. இதில் சின்ன வித்தியாசத்தையும் அலட்சியம் செய்யக் கூடாது. 7.4-க்கும் 7.1-க்கும் நடுவே இருப்பது வெறும் 0.3 என்று தோன்றும். அளவுகோல் மடங்குகளில் ஓடுவதால், அமிலம் அதற்குள் இரண்டு மடங்காகிவிடுகிறது.

நடைமுறையில் மருத்துவர்கள் பிடித்துக்கொள்ளும் எல்லை 7.2. நுரையீரல் தொற்று உள்ளவரின் நீர் 7.2 அல்லது அதற்குக் கீழே இருந்தால் குழாய். 7.4-க்கு மேலே இருந்தால் இப்போதைக்குக் குழாய் வேண்டாம், மருந்தோடு கவனிக்கலாம். நடுவில் இருப்பதுதான் சங்கடமான இடம். பிரிட்டன் நெஞ்சக நோய் மருத்துவர் சங்கம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டியில் அந்த நடு இடத்துக்கு எல்டிஎச்-ஐத் துணைக்கு அழைக்கிறார்கள். அது லிட்டருக்கு 900 அலகைத் தாண்டினால் குழாயைப் பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள். காய்ச்சல் விடாமல் இருப்பது, நீர் மிக அதிகமாக இருப்பது, குளுக்கோஸ் குறைவது, ஸ்கேனில் தடுப்புகள் தெரிவது ஆகியவை அந்த யோசனைக்கு எடை கூட்டும்.

நம்மவருக்கு அன்றிரவு வந்த பிஎச் 7.27.

மறுநாள் காலை ரவுண்டில் மகன் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார். கூலிம் தொழிற்சாலையில் வேலை செய்பவர், இரவெல்லாம் படித்துவிட்டு வந்திருந்தார். "7.2-க்கு மேலதானே இருக்கு டாக்டர்? அப்ப மருந்த மாத்திப் பார்க்கலாமே." அவருடைய அம்மாவுக்கு வேறு பயம். "பக்கத்து லயத்துல ஒருத்தருக்கு இப்படித்தான் டியூப் போட்டாங்க. அவரு அப்புறம் வேலைக்கே போகல."

"தம்பி, நீங்க சொல்ற கணக்கு சரிதான். ஆனா இந்த 7.27-ஐ நான் இன்னும் நம்பல" என்றேன். காரணம் பக்கத்து வரியிலேயே இருந்தது. அதே நீரில் குளுக்கோஸ் லிட்டருக்கு 2.3 மில்லிமோல். அந்த நேரத்தில் அவருடைய இரத்தத்தில் 13. எல்டிஎச் 1650. அமிலத்தை உண்டாக்கும் அதே வேலைதான் குளுக்கோஸையும் தின்கிறது. அதனால் இரண்டும் சேர்ந்தே இறங்க வேண்டும். குளுக்கோஸ் இவ்வளவு விழுந்திருக்க, பிஎச் மட்டும் பாதி வழியில் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நீர் எடுத்த விதத்தை.

விசாரித்தால், நீரை எடுத்த சிரிஞ்சில் காற்றை முழுக்க வெளியே தள்ளவில்லை. இரவில் ஆள் இல்லாமல் மாதிரி ஒரு மணி நேரத்துக்கு மேல் மேசையில் கிடந்திருக்கிறது. காற்றுப் பட்டால் நீரிலுள்ள கரியமில வாயு வெளியேறி பிஎச் பொய்யாக ஏறும். ஒரு மில்லி காற்று சிரிஞ்சில் தங்கினால் சராசரியாக 0.08 ஏறும் என்று 2008-இல் வந்த ஆய்வு ஒன்று அளந்து காட்டியது. 7.2 என்ற எல்லைக்கு அருகில் நிற்பவருக்கு அந்த 0.08 சிகிச்சையையே மாற்றிவிடும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. தோலை மரக்கச் செய்யும் லிக்னோகெய்ன் அமிலம் கூடிய மருந்து. அதை ஏற்றிய அதே சிரிஞ்சில் நீரை எடுத்தால், 0.2 மில்லி மிச்சம் இருந்தாலே பிஎச் சுமார் 0.15 இறங்கிவிடும் என்று அதே ஆய்வு கண்டது. அப்போது குழாய் தேவைப்படாதவருக்குக் குழாய் போய்ச் சேரும்.

சரியாக எடுப்பது ஒன்றும் கடினமல்ல. மரப்பு மருந்துக்கு ஒரு சிரிஞ்சு, நீருக்குப் புதிதாக ஹெபரின் தடவிய இன்னொன்று, இரத்த வாயு பார்க்கும் அதே வகை. குமிழிகளை வெளியேற்றி உடனே மூடி, ஒரு மணி நேரத்துக்குள் இரத்த வாயு இயந்திரத்தில் விட வேண்டும். தாமதமாகும் என்று தெரிந்தால் ஐஸில் வைக்கலாம். லிட்மஸ் தாள், சிறுநீர் பார்க்கும் பட்டை, மேசைமேல் பிஎச் மீட்டர் எதுவும் இந்த வேலைக்கு உதவாது. 7.15-ஐயும் 7.25-ஐயும் பிரித்துச் சொல்ல அவற்றால் ஆகாது.

இயந்திரம் இல்லாத இடத்தில் என்ன செய்வது? தோட்டப்புறங்களில் இது நிஜமான கேள்வி. அங்கே நீரின் குளுக்கோஸ்தான் மாற்று. 3.3 மில்லிமோலுக்குக் கீழே போனால் குறைந்த பிஎச்-ஐப் போலவே எடுத்துக்கொள்ளலாம். பிஎச்-ஐவிட இது ஒரு படி கீழ்தான். அதிலும் இனிப்புநீர் உள்ளவரிடம் ஒரு பொறி இருக்கிறது. இரத்தத்தில் 18, 20 என்று ஏறி நிற்கும்போது, நீரில் 5 இருந்தால் அது நல்ல எண் மாதிரித் தெரியும். பக்கத்தில் இரத்த அளவை வைத்துப் பார்த்தால்தான் உள்ளே எவ்வளவு தின்னப்பட்டிருக்கிறது என்று புரியும்.

காலையிலேயே நீரை மீண்டும் எடுத்தோம், இந்த முறை முறைப்படி. 7.14. கூடவே கை நாடியில் எடுத்த இரத்தத்தின் பிஎச் 7.41. இந்த இரண்டாவது எண்ணைக் கேட்காமல் விடக் கூடாது. இனிப்புநீர் முற்றி இரத்தமே அமிலமாகிக் கிடந்தால், நெஞ்சு நீரின் பிஎச்-உம் கூடவே இறங்கும். அந்த இறக்கத்துக்கு நுரையீரல் உறையில் காரணம் தேடக் கூடாது. இவருக்கு இரத்தம் சரியாக இருந்தது. ஆகவே அமிலம் உறைக்குள்தான் ஊறுகிறது.

இப்போது மூன்று வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

மகன் கேட்ட முதல் வழி, மருந்தை மாற்றிக் காத்திருப்பது. நிறைய ஆன்டிபயாட்டிக்குகள் உறைக்குள் நன்றாகவே இறங்கும். மருந்து போய்ச் சேரவில்லை என்பது இங்கே முதன்மையான பிரச்சினை இல்லை. விதிவிலக்காக ஜென்டாமைசின் வகை மட்டும் அங்கே சரியாக ஊடுருவாது, அமில நீரில் வேலையும் செய்யாது. மருந்து கிருமியைக் கொன்றாலும் ஃபைப்ரினைக் கரைக்காது. காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அறைகள் கட்டிக்கொண்டே போகும். பிஎச் 7.4-க்கு மேல் இருப்பவருக்கு இதுவே சிறந்த வழி, குழாயின் வலியை வீணாகக் கொடுக்க வேண்டியதில்லை. அப்படிக் காத்திருக்கும்போதும் மறுநாளே ஸ்கேன் செய்து, காய்ச்சலையும் வெள்ளை அணு அளவையும், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 7.14 இருப்பவருக்கு இந்த வழியை நான் கொடுக்க மாட்டேன்.

ஊசியால் இழுத்துவிடும் வழிக்கு ஒரு கவர்ச்சி உண்டு. இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், நோயாளி எழுந்து நடக்கலாம், பாட்டிலைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டாம். தடுப்பில்லாத நீரில் சிலருக்கு இதுவே போதுமாகியும் விடும். ஆனால் அமிலம் ஏறிய நீர் பெரும்பாலும் திரும்பக் கோர்க்கும். இரண்டாவது முறை ஊசி போடும்போது இழைகள் கட்டியிருக்கும், ஊசி ஒரு அறையை மட்டும் காலி செய்யும். அதோடு இவ்வாறு செய்வதென்றால் தினமும் ஸ்கேன் செய்யக் கைதேர்ந்த ஒருவர் வேண்டும். சனி ஞாயிறில் அந்த ஆள் இல்லாத ஊரில் இதை நம்பி இறங்குவது சரியில்லை. குழாய் போடத் தெரிந்தவர் வரும்வரை மூச்சுத்திணறலைத் தணிக்க ஒரு தடவை இழுப்பது வேறு விஷயம், அதை நான் தயங்காமல் செய்வேன்.

அதனால் அவருக்குக் குழாய். அந்த அம்மா பயந்தது விரல் தடிமனுள்ள பழைய குழாயை. இப்போது தொற்றுக்கு முதலில் போடுவது 14 பிரெஞ்சு அல்லது அதற்கும் குறைந்த அளவு, அதாவது ஐந்து மில்லிமீட்டருக்கும் கீழே. அக்குளுக்குக் கீழே, ஸ்கேனில் இடம் பார்த்து, மரக்கச் செய்து, ஊசி வழியே கம்பி விட்டு, கம்பியின் மேல் குழாயை வழுக்கி இறக்குவார்கள். மயக்க மருந்து தேவையில்லை. மெல்லிய குழாய் எளிதில் அடைத்துக்கொள்ளும் என்பது அதன் பலவீனம். அதனால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 20, 30 மில்லி உப்புநீர் விட்டுக் கழுவ வேண்டும். இதைச் செய்யாமல் "குழாய் வேலை செய்யவில்லை" என்று முடிவுகட்டுவது அடிக்கடி நடக்கிறது. வலி இருக்கும். குழாய் நழுவலாம், இரத்தம் கசியலாம், அரிதாக உள்ளுறுப்பில் படலாம். இவற்றையெல்லாம் அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். பக்கத்து லயத்துக்காரர் வேலைக்குப் போகாததற்குக் குழாய் காரணமா, குழாய் தாமதமாகப் போட்டது காரணமா என்று எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

முதல் நாள் 900 மில்லி வடிந்தது. வடிந்ததைச் சாதாரண டியூபில் மட்டும் அனுப்பாமல், இரத்த வளர்ப்புக்கான பாட்டில்களிலும் கொஞ்சம் ஊற்றினோம். அப்படிச் செய்தால் கிருமி பிடிபடும் வாய்ப்பு கூடும். இனிப்புநீர் உள்ள, மண்ணில் புரளும் தோட்டத் தொழிலாளி என்பதால் மெலியோய்டோசிஸ் கிருமியையும் தேடச் சொல்லி ஆய்வகத்துக்கு எழுதினேன். அது வழக்கமான நிமோனியா மருந்துக்கு அடங்காது. வந்தது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆன்ஜினோசஸ், வாயில் குடியிருக்கும் வகை. மருந்தை அதற்கு ஏற்றபடி சுருக்கிக்கொண்டோம்.

பிஎச் ஏமாற்றும் இடங்களும் உண்டு. நீரில் புரோட்டியஸ் கிருமி இருந்தால் அது அம்மோனியாவை உண்டாக்கி பிஎச்-ஐ உயர்த்திவிடும், சீழாகிக்கொண்டிருக்கும்போதே எண் நல்லதாகத் தெரியும். அறைகள் பிரிந்துவிட்ட நீரில் ஓர் அறையில் 7.3-உம் பக்கத்து அறையில் 7.0-உம் இருக்கலாம். ஊசி எங்கே போனதோ அந்த எண்தான் வரும். தடுப்புகள் தெரிந்த பிறகு ஒரே ஒரு நல்ல எண்ணை நம்பி ஆறுதல் அடையக் கூடாது. மறுபுறம், காசநோயிலும் புற்றுநோயிலும் நீர் அமிலமாகும். நம் நாட்டில் காசநோய் அரிதல்ல. நாள்பட்ட இருமல், எடைக் குறைவு, நீரில் லிம்போசைட் அணுக்கள் மிகுதி, ஏடிஏ என்ற நொதி உயர்வு என்றால் பிஎச் 7.2-க்குக் கீழே இருந்தாலும் உடனே குழாய்க்கு ஓட வேண்டியதில்லை. அங்கே முக்கியமான வேலையைக் காசநோய் மாத்திரை செய்யும். 7.2 என்ற எல்லை சாதாரண நிமோனியாத் தொற்றுக்காக வகுத்தது.

குழாய் போட்ட பிறகு எண்ணின் வேலை முடிந்துவிடுகிறது, ஆளைப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கவில்லை, சிஆர்பி குறையவில்லை, ஸ்கேனில் நீர் அப்படியே நிற்கிறது என்றால் சிடி எடுத்து, ஈப்போவில் நெஞ்சு அறுவை மருத்துவரிடம் பேச வேண்டிய நேரம். குழாய் வழியாக டிபிஏ, டிஎன்ஏஸ் என்ற இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து இழைகளைக் கரைக்கும் முறையும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அறுவைக்கு அனுப்ப வேண்டியவர்கள் குறைகிறார்கள் என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. தனித்தனியே கொடுத்தபோது அந்தப் பலன் வரவில்லை.

நம்மவருக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, ஐந்தாம் நாள் வடிவது வெகுவாகக் குறைந்து, ஸ்கேனும் சுத்தமாக இருக்கவே குழாயை எடுத்தோம். மாத்திரை மொத்தம் நான்கு வாரம். குலை வெட்டும் வேலைக்கு உடனே போகக் கூடாது, நீளமான கம்பைத் தலைக்கு மேலே தூக்கி இழுக்கும் வேலை அது. ஆறு வாரம் கழித்து எக்ஸ்ரேக்கு வரச் சொல்லி அனுப்பினேன். மகன் வாங்கிப் போன தாளில் நெஞ்சு நீரின் பிஎச், குளுக்கோஸ், எல்டிஎச் மூன்றையும், நீர் எடுத்த நேரத்தையும் இயந்திரத்தில் விட்ட நேரத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேறு ஆஸ்பத்திரியில் யாராவது பார்த்தால் அவர்களுக்கு முதலில் வேண்டியது அவைதான்.